தீட்டா காட்டிய மூன்று புள்ளி

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்ட்ராடில் விற்றேன். பங்கு 1000-இல் நின்றது. 1000 ஸ்டிரைக் காலும் புட்டும் சேர்த்து 60 புள்ளி கைக்கு வந்தது. எக்ஸ்பைரிக்கு இன்னும் பத்து வர்த்தக நாள். ஐந்தாம் நாள் சந்தை மூடிய பிறகு அந்த நிறுவனத்தின் காலாண்டு ரிசல்ட். (எண்களைக் கணக்குக்கு வசதியாக வட்டமாக்கியிருக்கிறேன். விகிதம் அன்று நடந்ததுதான்.)

என் திட்டம் ரொம்ப எளிமையானது. ரிசல்ட்டை நான் தொடப்போவதில்லை. ஐந்தாம் நாள் மாலையே ஸ்ட்ராடிலைத் திரும்ப வாங்கிவிட்டு வெளியே வந்துவிடுவேன். திரையில் தீட்டா நாளுக்கு 3 புள்ளி என்று காட்டியது. நாள் குறையக் குறைய தீட்டா கூடும் என்பதும் தெரியும். ஆக ஐந்து நாளில் 17 புள்ளி மாதிரி கரைந்திருக்கும், அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்பது கணக்கு.

ஐந்து நாளும் பங்கு கொஞ்சம் மேலே போனது, கொஞ்சம் கீழே வந்தது, கடைசியில் 1000-க்கே திரும்பி வந்து நின்றது. ஸ்ட்ராடில் விற்றவன் இதைவிட நல்ல ஐந்து நாள் கேட்க முடியாது. மாலையில் விலை பார்த்தால் 53.5. எனக்குக் கிடைத்தது ஆறரை புள்ளி. மீதி பத்து பதினோரு புள்ளி எங்கே போனது?

"ஐவி ஏறிடுச்சு, அதான்" என்றார் நண்பர். உண்மைதான். நான் விற்றபோது இம்ப்ளைட் வொலட்டிலிட்டி 37.6 சதவீதம், வாங்கும்போது 47.6. ஆனால் அது ஏன் ஏறியது? ரிசல்ட் பயத்தில் எல்லோரும் ஆப்ஷன் வாங்கினார்கள் என்று அன்று நம்பினேன். உண்மையில் அன்று யாரும் எதற்கும் பயப்படவில்லை. சந்தை தன் கருத்தைத் துளிகூட மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றாமலேயே ஐவி பத்து புள்ளி ஏறியிருந்தது. எனக்குக் கிடைக்காத அந்தத் தீட்டா, முதல் நாளே இல்லாத தீட்டா.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆப்ஷன் விலைக்கு ஐவி தனியாகத் தெரியாது, நாள் தனியாகத் தெரியாது. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சூத்திரத்துக்குள் இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் நுழைகின்றன. ஐவியின் வர்க்கத்தை மீதி நாளால் பெருக்கினால் வரும் எண்தான் உள்ளே போகிறது. அதற்கு மொத்த வேரியன்ஸ் என்று பெயர். எக்ஸ்பைரி வரை இந்தப் பங்குக்கு இன்னும் எவ்வளவு அசைவு பாக்கி இருக்கிறது என்று சந்தை நினைக்கும் அளவு அது. மணிக்கு 40 கிலோமீட்டரில் மூன்று மணி நேரமோ, 60-இல் இரண்டு மணி நேரமோ, தூரம் 120தான். ஆப்ஷன் பார்ப்பது தூரத்தை. வேகத்தையும் நேரத்தையும் பிரித்து வேகா, தீட்டா என்று இரண்டு கட்டங்களில் நமக்குக் காட்டுவது மென்பொருள்.

சரி, என் ஸ்ட்ராடிலுக்கு வருவோம். அந்தப் பங்கு சாதாரண நாளில் ஒன்றரை சதவீதம் அசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது திட்ட விலக்கம். அதன் வர்க்கம் 2.25. ரிசல்ட்டுக்கு மறுநாள் மட்டும் 6 சதவீத அசைவு, வர்க்கம் 36. வேரியன்ஸைக் கூட்டலாம், திட்ட விலக்கத்தைக் கூட்டக் கூடாது. ஆகவே பத்து நாளில் ஒன்பது சாதாரண நாளுக்கு 20.25, ரிசல்ட் நாளுக்கு 36, மொத்தம் 56.25. வர்க்கமூலம் எடுத்தால் ஏழரை சதவீதம். பங்கு விலைக்குப் பக்கத்து ஸ்டிரைக்கில் ஸ்ட்ராடில் விலை இதில் சுமார் 0.8 மடங்கு. ஏழரை சதவீதம் என்றால் 75 புள்ளி, அதில் 0.8 மடங்கு 60. நான் விற்ற விலை அதுதான்.

ஐந்து சாதாரண நாள் கழிந்தன. செலவானது ஐந்து இரண்டேகால், அதாவது 11.25 மட்டுமே. மீதி 45. வர்க்கமூலம் 6.7 சதவீதம், ஸ்ட்ராடில் 53.5. முடிந்தது கதை. நாளில் பாதி போய்விட்டது, ஆனால் அசைவில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. பெரிய நாள் இன்னும் அப்படியே பாக்கி.

பத்து நாள் பயணத்துக்குப் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பி, அதில் ஒரு நாள் மட்டும் பெரிய செலவு என்றால் என்ன ஆகும்? முதல் ஐந்து நாள் சில்லறைச் செலவுதான். ஆறாம் நாள் காலையில் மீதிப் பணத்தை மீதி நாளால் வகுத்தால் நாளுக்கு இவ்வளவா என்று தோன்றும். யாரும் பையில் புதிதாகப் பணம் போடவில்லை. சராசரிதான் ஏறியது. ஐவி என்பது இந்தச் சராசரி. வருடக் கணக்கில் எழுதப்பட்ட சராசரி, அவ்வளவுதான். 45-ஐ 5-ஆல் வகுத்து 252-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 47.6 வரும். 56.25-ஐ 10-ஆல் வகுத்து அதையே செய்தால் 37.6.

அப்படியானால் திரையில் பார்த்த 3 புள்ளி தீட்டா என்ன? மென்பொருளுக்கு ரிசல்ட் தேதி தெரியாது. 37.6 என்ற சராசரியைப் பத்து நாளுக்கும் சமமாகப் பரப்பி, ஒரு நாளைக் கழித்தால் எவ்வளவு குறையும் என்று சொல்கிறது. அந்தக் கணக்கில் ஒரு நாளின் பங்கு 5.6 வேரியன்ஸ். உண்மையில் சாதாரண நாள் தின்பது 2.25தான். 56.25-இலிருந்து 54-க்கு இறங்கினால் ஸ்ட்ராடில் 1.2 புள்ளி குறையும். திரை 3 என்றது, கிடைத்தது 1.2. நாளுக்கு நாள் இந்த வித்தியாசத்தை "ஐவி ஏற்றம்" என்ற பெயரில் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிசல்ட்டுக்கு முந்தைய மாலை அதே திரை தீட்டாவை 5.3 என்று காட்டும். அன்று இரவு பங்கு அசையவே இல்லை என்றால், மறுநாள் ஸ்ட்ராடில் 53.5-இலிருந்து 24-க்கு வந்துவிடும். ஏனென்றால் பாக்கி இருப்பது நான்கு சாதாரண நாள், வேரியன்ஸ் 9, அதாவது 3 சதவீதம். ஒரே நாளில் கரைந்தது கிட்டத்தட்ட 30 புள்ளி. தீட்டா கட்டம் சொன்னது 5.3. மீதியை வேகா கட்டத்தில் எழுதி, "ஐவி கிரஷ்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். முன்பு மிகைப்படுத்திச் சொன்னதே இப்போது குறைத்துச் சொல்கிறது. ஒரே செலவு, இரண்டு நோட்டுப் புத்தகம்.

டெல்டா ஹெட்ஜ் செய்பவர்களுக்கு இது இன்னும் நேரடியாக உறைக்கும். ஐவியை 16-ஆல் வகுத்தால் நாளின் அசைவு வரும் என்பது பழைய கைக்கணக்கு. 252-இன் வர்க்கமூலம் 16-க்குப் பக்கம். 37.6-ஐ வகுத்தால் 2.35 சதவீதம். ஸ்ட்ராடில் வாங்கி வைத்திருப்பவர், பங்கு நாளுக்கு 2.35 சதவீதம் அசைந்தால்தான் காமாவில் சம்பாதிப்பது தீட்டாவுக்கு ஈடாகும் என்று நினைப்பார். ரிசல்ட்டுக்கு முந்தைய நாட்களில் அது தப்பு. ஒன்றரை சதவீதம் அசைந்தாலே அவர் கணக்கு சரியாகிவிடும். அந்த அசைவில் காமா தருவது 1.2 புள்ளி, உண்மையான கரைவும் 1.2 புள்ளி. விற்ற எனக்கோ, பங்கு 2 சதவீதம் அசைந்த நாட்களில் "இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது" என்ற போலி நிம்மதி.

அந்த ஆறரை புள்ளிப் பாடத்துக்குப் பிறகு, ரிசல்ட் நெருங்கும் பங்கில் ஒற்றை ஐவி எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அதை உடைத்துப் பார்க்கிறேன். இரண்டு எக்ஸ்பைரி போதும், இரண்டும் ரிசல்ட்டுக்குப் பிறகு வருவதாக இருக்க வேண்டும். அதே பங்கில் ரிசல்ட்டுக்கு முந்தைய மாலை ஐந்து நாள் எக்ஸ்பைரி 47.6 சதவீதம், இருபத்தைந்து நாள் எக்ஸ்பைரி 30.1 சதவீதம் என்று இருக்கிறது. ஐவியை வர்க்கமாக்கி, 252-ஆல் வகுத்து, நாளால் பெருக்கினால் முதலாவதில் மொத்த வேரியன்ஸ் 45, இரண்டாவதில் 90. சாதாரண நாளின் வேரியன்ஸ் b, ரிசல்ட் நாளுடையது e என்றால்:

```
 4b + e = 45
24b + e = 90
```

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 20b = 45. b = 2.25, அதாவது சாதாரண நாள் ஒன்றரை சதவீதம். e = 36, ரிசல்ட் நாள் 6 சதவீதம். பள்ளிக்கூடத்து இரட்டைச் சமன்பாடுதான். ஆனால் இதைப் போட்ட பிறகு, திரையில் தெரியும் 47.6-க்கும் 30.1-க்கும் நடுவே எந்த முரணும் இல்லை என்பது தெரிந்துவிடும். கிட்டத்து ஆப்ஷன் "விலை ஏறியது", தூரத்து ஆப்ஷன் "மலிவு" என்றெல்லாம் பேச்சு வரும். இரண்டும் ஒரே கருத்தைத்தான் சொல்கின்றன. 36 என்ற அதே சுமையை ஒன்று ஐந்து நாளில் பரப்பியிருக்கிறது, இன்னொன்று இருபத்தைந்து நாளில்.

ரிசல்ட் முடிந்ததும் இரண்டும் 23.8 சதவீதத்துக்கு வரும். கிட்டத்தில் ஐவி 24 புள்ளி விழும், தூரத்தில் ஆறு புள்ளிதான். இதைப் பார்த்து, "தூரத்து எக்ஸ்பைரி வாங்கினால் கிரஷ்ஷிலிருந்து தப்பிக்கலாம்" என்பார்கள். பங்கு நகராவிட்டால் கிட்டத்து ஸ்ட்ராடில் 30 புள்ளி இழக்கும் என்று பார்த்தோம். தூரத்து ஸ்ட்ராடில் 75.7-இலிருந்து 58.6-க்கு வரும், இழப்பு 17. ஐவியில் நான்கு மடங்கு வித்தியாசம், விலையில் இரண்டு மடங்குகூட இல்லை. தூரத்து ஆப்ஷனுக்கு வேகா அதிகம், அதனால் சிறிய வீழ்ச்சியே பெரிதாக வலிக்கிறது.

இந்த b-யும் e-யும் நாள்தோறும் எழுதிவைத்தால் ஒரு நல்ல பயன் உண்டு. சந்தை கருத்தை மாற்றாமல் இருந்தாலே ஐவி எந்தப் பாதையில் ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். என் உதாரணத்தில் பத்து நாள் மீதி இருக்கும்போது 37.6. பிறகு ஒவ்வொரு நாளும் 38.9, 40.4, 42.2, 44.5, கடைசியில் 47.6. ஏழு நாள் மீதி இருக்கும்போது 42.2 இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம், ஐவி ஏறியிருந்தாலும்கூட. அன்று 45 இருந்தால்தான் ஏதோ நடந்திருக்கிறது. 45-ஐ உடைத்தால் மொத்த வேரியன்ஸ் 56.25, ஆறு சாதாரண நாளுக்கு 13.5 போக 42.75 மிச்சம். வர்க்கமூலம் 6.5 சதவீதம். ரிசல்ட் நாளுக்கான எதிர்பார்ப்பு 6-இலிருந்து 6.5-க்கு நகர்ந்திருக்கிறது, யாரோ உண்மையாகவே வாங்குகிறார்கள். அதேபோல் அன்று ஐவி 40-இலேயே நின்றால், வெளியே பார்க்க "ஏறியிருக்கிறது" போலத் தோன்றினாலும் எதிர்பார்ப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு நண்பர் கதையையும் சொல்லிவிடுகிறேன், இது அதிகம் கேட்கப்படும் கேள்வி. ரிசல்ட்டுக்கு முந்தைய மாலை 1000 கால் ஒன்றை 26.75-க்கு வாங்கினார். ரிசல்ட் நன்றாக வந்தது. பங்கு 1020. மறுநாள் போன் செய்தார்.

"ரெண்டு பர்சென்ட் ஏறியிருக்கு. நான் நினைச்ச பக்கமே போயிருக்கு. கால் 24.6-ல இருக்கு. ஏதாவது தப்பா காட்டுதா?"

"தப்பில்ல. நீங்க ரெண்டு பர்சென்ட்டுக்குக் காசு கொடுக்கல. ஆறுக்குக் கொடுத்தீங்க."

பிரித்துப் பார்த்தால் இப்படி. பாக்கி அசைவு மாறாமல் 6.7 சதவீதமாகவே இருந்திருந்தால், 20 புள்ளி ஏற்றத்துக்கு டெல்டா 10.3 தந்திருக்கும், காமா 1.2 சேர்த்திருக்கும், கால் 38.2-இல் நின்றிருக்கும். ஆனால் பாக்கி அசைவு ஒரே இரவில் 6.7-இலிருந்து 3 சதவீதமானது. அதன் விலை 13.6 புள்ளி. 38.2-இல் அது போக 24.6. அவர் முதல் திரும்பி வர, பங்கு 1023 வரையாவது போயிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. முந்தைய மாலை திரையில் இருந்த டெல்டா, காமா, வேகா, தீட்டாவை எடுத்துக் கூட்டினால் 24.6 வராது, 22-க்குப் பக்கத்தில்தான் வரும். அவை எல்லாம் சிறு மாற்றத்துக்கான சரிவுகள். பங்கு 2 சதவீதமும் ஐவி பாதியாகவும் ஒரே நேரத்தில் தாவும்போது ஒன்றின் மாற்றம் இன்னொன்றையும் மாற்றிவிடும். பங்கு ஸ்டிரைக்கை விட்டு விலகியதால் வேகாவும் சுருங்கிவிட்டது, ஆகவே ஐவி வீழ்ச்சி கட்டம் சொன்ன அளவுக்கு வலிக்கவில்லை. ரிசல்ட் மாதிரி விஷயத்துக்குக் கட்டங்களைக் கூட்டாமல், மறுநாளின் பங்கு விலையையும் மறுநாளின் ஐவியையும் போட்டு ஆப்ஷனை முழுசாக மறுபடி விலை போடுவதுதான் சரி. மறுநாளின் ஐவி என்ன என்று தெரியாதே என்று கேட்டால், தெரியும். அதுதான் b. அதற்காகத்தான் உடைத்துப் பார்த்தோம்.

அப்புறம், e கிடைத்ததும் அடுத்து எல்லோரும் செய்யும் ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. நானும் இரண்டு வருடம் அதில் கிடந்தேன். சந்தை 6 சதவீதம் என்கிறது. கடந்த எட்டு ரிசல்ட்டில் பங்கு எவ்வளவு அசைந்தது என்று எடுத்து, குறியைத் தள்ளிவிட்டுச் சராசரி போட்டால் 5 சதவீதம் வருகிறது என்று வையுங்கள். "ஆறு கேட்கிறான், ஐந்துதான் நடக்கிறது, விற்றுவிடு." இல்லை. 6 என்பது திட்ட விலக்கம், 5 என்பது சராசரி அளவு. மணி வடிவப் பரவலில் சராசரி அளவு திட்ட விலக்கத்தின் 0.8 மடங்கு. ஆறு சதவீத சந்தை எதிர்பார்ப்பது சராசரியாக 4.8. அதனுடன் 5-ஐ ஒப்பிட்டால் ஆப்ஷன் விலை ஏறக்குறைய சரி, இம்மி மலிவு என்றுகூடச் சொல்லலாம். ஒப்பிட வேண்டுமானால் எட்டு அசைவையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் போடுங்கள். அப்படிப் போட்டாலும் எட்டு எண்ணிலிருந்து வருவது ஓர் ஊகம்தான். அதில் ஒரே ஒரு 14 சதவீத நாள் இருந்தால் முழுக் கணக்கும் அதன் பின்னால் போய்விடும்.

விற்பவர்களை மயக்கும் இன்னொன்றும் இருக்கிறது. முந்தைய மாலை ஸ்ட்ராடிலை 53.5-க்கு விற்றால், மறுநாள் பங்கு சுமார் ஐந்தேகால் சதவீதத்துக்குள் நின்றால் லாபம். திட்ட விலக்கம் 6 என்ற கணக்கு துல்லியமாகச் சரியாக இருந்தாலும், நூற்றுக்கு 62 தடவை பங்கு அந்த எல்லைக்குள்தான் நிற்கும். அதாவது விலை இம்மிகூட அதிகமில்லை, நீண்ட ஓட்டத்தில் லாபம் பூஜ்யம், ஆனாலும் பத்தில் ஆறு தடவை ஜெயிப்பீர்கள். எட்டில் ஐந்து ஜெயித்தவுடன் தனக்கு ஏதோ வித்தை தெரியும் என்று தோன்றிவிடும். மீதி மூன்றில் ஒன்று 15 சதவீதம் நகர்ந்தால் 96 புள்ளி போகும். ஜெயித்தால் கிடைக்கும் அதிகபட்சமே 30. பங்குகள் ரிசல்ட் நாளில் மணி வடிவத்துக்கு அடங்கி நடப்பவையும் அல்ல. பெரும்பாலான நாட்களில் அது சொல்வதைவிடக் குறைவாக அசையும், எப்போதாவது அது நினைத்தும் பார்க்காத அளவுக்குப் பாயும்.

இந்த உடைக்கும் கணக்கு எங்கே சறுக்கும்? இரண்டு எக்ஸ்பைரிக்கும் b ஒன்றே என்று எடுத்துக்கொண்டோம். சந்தை முழுவதும் பதற்றமாக இருக்கும் காலத்தில் கிட்டத்து நாட்களின் b அதிகமாகவும் தூரத்து நாட்களுடையது குறைவாகவும் இருக்கும். அப்போது இந்தச் சமன்பாடு b-யைக் குறைத்து, மிச்சத்தை எல்லாம் e தலையில் கட்டிவிடும். e 8 சதவீதம் என்று வரும், உண்மையில் பாதி பதற்றம் ரிசல்ட்டுடையதே அல்ல. கண்டுபிடிக்க ஒரு வழி, ரிசல்ட்டுக்கு முன்பே முடியும் எக்ஸ்பைரி ஏதாவது இருந்தால் அதன் ஐவியைப் பார்ப்பது. அதில் e கிடையாது, வெறும் b மட்டும். அது 23.8-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 35 இருந்தால் சமன்பாட்டின் விடையை நம்பாதீர்கள். அப்படி ஒரு எக்ஸ்பைரி இல்லாவிட்டால், அதே துறையில் இப்போதைக்கு ரிசல்ட் இல்லாத பங்கின் ஐவி வளைவு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன்.

நாள் எண்ணுவதிலும் கவனம் வேண்டும். சில திரைகள் வருடத்துக்கு 365 நாள் என்று காலண்டரை வைத்துக் கணக்கிடும், சில 252. காலண்டர் திரையில் வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவே மூன்று நாள் ஓடிவிடும், ஆனால் வார இறுதியில் பங்கு அவ்வளவு அசைவதில்லை. விளைவு, திங்கள் காலை ஐவி சும்மாவே ஏறித் தெரியும். வெள்ளிக்கிழமை ஆப்ஷன் விற்று மூன்று நாள் தீட்டாவை அள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். என் பழைய ஸ்ட்ராடிலில் நடந்ததும் இதுவும் ஒரே ஜாதி.

கடைசியாக, நான் நேரில் பார்த்து உறைந்துபோனது ஒன்று. இந்தத் தடவை நான் வாங்கிய பக்கம். ரிசல்ட் ஐந்து நாள் எக்ஸ்பைரிக்குள் வருகிறது என்று 53.5-க்கு ஸ்ட்ராடில் கையில். முந்தைய மாலை, சந்தை மூடும் முன், நிறுவனம் ஒரு வரி அறிவிப்பு வெளியிட்டது. கணக்குகள் இன்னும் முடியவில்லை, ரிசல்ட் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பு. அடுத்த வாரம் என்பது என் எக்ஸ்பைரிக்குப் பிறகு.

பங்கு ஒரு புள்ளிகூட நகரவில்லை. ஒரு நாளும் கழியவில்லை. ஐந்து நாளுக்கும் இப்போது b மட்டும்தான், மொத்தம் 11.25, அசைவு 3.35 சதவீதம். சில நிமிடங்களில் விலை 27-க்கு வந்து நின்றது. இருபத்தைந்து நாள் எக்ஸ்பைரியைத் திறந்து பார்த்தேன். 75.7. அசையவே இல்லை, 36 இன்னும் அதற்குள்தான் இருந்தது.